கூட்டுக் கட்டுமான ஒப்பந்தத்தில் கடைசி 600 சதுர அடி

சென்னையில் பழைய தனி வீடு வைத்திருக்கும் குடும்பத்தைத் தேடி பில்டர் வந்தால், பேச்சு விகிதத்தில்தான் தொடங்கும். மனை குடும்பத்துடையது, கட்டும் செலவு பில்டருடையது, எழும் வீடுகளை இருவரும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. ஐம்பதுக்கு ஐம்பதா, ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தைந்தா? பக்கத்துத் தெருவில் அறுபது கொடுத்தார்களாம் என்று ஒரு சித்தப்பா சொல்வார். அந்தத் தெரு முப்பது அடிச் சாலையா, அங்கே மனை எவ்வளவு என்பதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். குடும்பமே அந்த ஐந்து சதவீதத்துக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டும். விகிதம் முடிவானதும், மீதி எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று தட்டச்சு செய்த நாற்பது பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

வங்கிகளுக்காகக் கட்டடங்களை மதிப்பிடுவது என் தொழில். பாதியில் நின்றுபோன கட்டடங்களுக்குள் நடப்பது அதில் ஒரு பகுதி. நான் பார்த்தவற்றில் ஒன்றுகூட விகிதம் சரியில்லாததால் நின்றதில்லை. கட்டடம் எந்த உயரத்தில் இருந்தபோது மனையின் எத்தனை சதுர அடி பில்டர் வழியாக மற்றவர்கள் பெயருக்குப் போயிருந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். என் பெரியம்மா வீட்டு ஒப்பந்தத்தை நான் படித்தபோதும் அந்த இடத்தைத்தான் முதலில் தேடினேன்.

வீடு நங்கநல்லூரில் இருந்தது. மனை இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. பெரியப்பா உயில் எழுதாமல் காலமானதால் பெரியம்மா, இரண்டு அண்ணன்கள், சிங்கப்பூரில் இருக்கும் அக்கா என்று நான்கு பேருக்கும் சம பங்கு. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி சாதாரண உயரக் கட்டடத்துக்கு மனையைப் போல இரண்டு மடங்கு தளப் பரப்பு கட்டலாம். ஆக 9,600 சதுர அடி. கீழே வாகன நிறுத்தத் தளம், மேலே நான்கு மாடி, மாடிக்கு இரண்டு என்று எட்டு வீடுகள். படிக்கட்டு, லிஃப்ட், பொது இடங்களின் பங்கையெல்லாம் சேர்த்து விற்பனைக் கணக்கில் ஒரு வீடு 1,500 சதுர அடி என்று பில்டர் சொன்னார். உள்ளே கால் வைத்து நடக்கும் கார்பெட் பரப்பு அதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் வரும். ஒப்பந்தத்தில் மூன்று அளவுகளையும் எழுதச் சொன்னேன்.

இந்த அளவில் ஒரு விசேஷம் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாமலும் வீடுகள் எட்டைத் தாண்டாமலும் இருந்தால் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். ஆகவே வாங்குபவர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதி இங்கே வராது. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பில்டர் யாருக்கும் இணையத்தில் அறிக்கை தர வேண்டியதும் இல்லை. சென்னையின் உட்பகுதிகளில் கட்டப்படும் சின்ன அடுக்ககங்களில் எட்டு வீட்டுத் திட்டம் இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று. சட்டம் காவல் நிற்காத இடத்தில் ஒப்பந்தம்தான் நிற்க வேண்டும்.

இரண்டு பில்டர்கள் வந்தார்கள். முதலாமவர் உரிமையாளருக்கு 55 தருவதாகச் சொன்னார். கையெழுத்தாகும் அன்றே தன் பங்கு வீடுகளுக்கு உரிய பிரிபடாத மனைப் பாகம், அதாவது எல்லை பிரிக்காமல் மனையில் வரும் பங்கு, முழுவதையும் விற்க பவர் பத்திரம் வேண்டும் என்றார். இரண்டாமவர் பாதிக்குப் பாதி என்றார். பவரைக் கட்டம் கட்டமாகத் தருவதைப் பற்றிப் பேசலாம் என்றார். அண்ணன்கள் இருவரும் முதலாமவர் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. மொத்தம் 12,000 சதுர அடி விற்பனைப் பரப்பில் ஐந்து சதவீதம் 600 சதுர அடி. அந்தப் பகுதி விலையைச் சதுர அடிக்கு 8,500 ரூபாய் என்று வைத்தால் 51 லட்சம்.

பெரியம்மா என்னிடம் கேட்டார்: "ஐம்பது லட்சத்தை விட்டுவிடச் சொல்கிறாயா?"

நான் பில்டரின் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். எண்களைச் சற்று முழுமைப்படுத்தித் தருகிறேன். கட்டுமானச் செலவு, அனுமதிக் கட்டணம், வரைபடம் எல்லாம் சேர்த்து விற்பனைப் பரப்பில் சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்றால் மொத்தம் 3 கோடியே 60 லட்சம். பாதிக்குப் பாதியில் பில்டருக்கு நான்கு வீடுகள், 6,000 சதுர அடி, 5 கோடியே 10 லட்சம். செலவு போக ஒன்றரைக் கோடி மிஞ்சும். நாற்பத்தைந்து சதவீதம் என்றால் 5,400 சதுர அடி, 4 கோடியே 59 லட்சம். மிஞ்சுவது 99 லட்சம். வட்டி, தரகு, குடும்பத்துக்குத் தர வேண்டிய வாடகை எல்லாம் இதற்குள்ளிருந்துதான் போக வேண்டும். கம்பி விலை கொஞ்சம் ஏறி, வேலை ஓராண்டு தள்ளிப்போனால் அந்த 99 லட்சம் கரைந்துவிடும். லாபம் இல்லாத வேலையை முடித்துக் கொடுக்க எந்த பில்டருக்கும் அவசரம் இருக்காது. மனை தாங்கக்கூடியதைவிட அதிகமாகத் தருகிறேன் என்பவர், ஒன்று கணக்குத் தெரியாதவர், அல்லது வேறு கணக்கு வைத்திருப்பவர்.

அந்த வேறு கணக்கு இப்படி ஓடும். நான்கு வீடுகளையும் முதல் நாளே, செங்கல் வைப்பதற்கு முன்பே, கொஞ்சம் குறைந்த விலைக்கு விற்பது. ஒவ்வொரு வாங்குபவருக்கும் 600 சதுர அடி பிரிபடாத மனைப் பாகத்தை உரிமையாளரின் பவரைக் கொண்டு கிரயம் செய்து கொடுப்பது. மனைப் பாகம் பதிவானதும் வாங்குபவரின் வங்கி வீட்டுக் கடனை விடுவிக்கத் தொடங்கும். அந்தப் பணம் இந்தக் கட்டடத்துக்கே வரலாம். பில்டரின் இன்னொரு மனைக்கு முன்பணமாகவும் போகலாம். அவருடைய பழைய கட்டடம் ஒன்று நின்றுகொண்டிருந்தால் அநேகமாக அங்கேதான் போகும்.

மடிப்பாக்கத்தில் அப்படி ஒரு கட்டடத்தை மதிப்பிடப் போயிருந்தேன். அங்கேயும் எட்டு வீடு, பாதிக்குப் பாதி. நான்கு மாடிக்கும் கூரைத் தளம் போட்டு முடித்திருந்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய முடிந்துவிட்ட கட்டடம். வேலை நின்று இரண்டு மழைக்காலம் போயிருந்தது. மேல் தளத்தில் நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகள் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தன. பில்டர் தொலைபேசியை எடுப்பதில்லை. உரிமையாளர் வாடகை வீட்டில் இருந்தார். அவருக்கு வர வேண்டிய நான்கு வீடுகளும் சுவரில்லாமல் நின்றன. இன்னொரு பில்டரைக் கூட்டிவர முயன்றார். வந்த ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எனக்கு விற்க என்ன இருக்கிறது?" ஒன்றும் இல்லை. பில்டரின் 2,400 சதுர அடி மனைப் பாகம் முழுவதும் நான்கு குடும்பங்களின் பெயரில் பதிவாகியிருந்தது. அவர்கள் வீட்டு விலையில் பெரும்பகுதியைக் கொடுத்து முடித்துவிட்டு, குடியேறாத வீட்டுக்குத் தவணையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தது உங்கள் பவர்தானே என்று உரிமையாளர்மேலும் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர்கள் கேட்டதில் தவறும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கூரைத் தளங்களும் போட்டு முடியும்போது செலவில் ஏறக்குறைய பாதிதான் ஆகியிருக்கும். சுவர், பூச்சு, மின் குழாய், தண்ணீர்க் குழாய், தரை ஓடு, கதவு, ஜன்னல், லிஃப்ட், நிலத்தடித் தொட்டி, மின் இணைப்பு, சுற்றுச்சுவர், வெளிப்பூச்சு என்று பாதிச் செலவு இன்னும் பாக்கி. ஆனால் பணம் கொடுப்பவர்களின் கண்ணுக்கு எண்பது சதவீதம் முடிந்ததுபோல் தெரிவது அந்தக் கட்டத்தில்தான். பல ஒப்பந்தங்களில் தவணை அட்டவணையும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். கடைசிக் கூரைத் தளத்துக்குள் எண்பது, எண்பத்தைந்து சதவீதம் வாங்கிவிடலாம். அதனால் சிறு பில்டர்களின் கட்டடம் நிற்பதாக இருந்தால் அந்த இடத்தில்தான் நிற்கும். அடித்தளத்தில் நின்றதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பெரியம்மா வீட்டு ஒப்பந்தத்தில் நான் வைத்த சோதனை ஒன்றே ஒன்று. எந்த நாளில் பில்டர் வேலையை நிறுத்திவிட்டுப் போனாலும், அன்று உரிமையாளர் கையில் மீதி இருக்கும் பில்டர் பங்கை விற்றால், கட்டடத்தை முடிக்கத் தேவையான பணம் கிடைக்க வேண்டும்.

ஒரு வீடு 1,500 சதுர அடி, 8,500 ரூபாய் விலையில் 1 கோடியே 27 லட்சத்துச் சொச்சம். வாகன நிறுத்தத் தளத்தின் கூரை போட்டு முடியும்போது செலவில் கால்பங்கு, 90 லட்சம் ஆகியிருக்கும். அப்போது பில்டருக்கு முதல் வீட்டின் 600 சதுர அடி மனைப் பாகத்தை விடுவிப்பது. பாக்கிச் செலவு 2 கோடியே 70 லட்சம், கையில் மிஞ்சுவது மூன்று வீடு, 3 கோடியே 82 லட்சம். கடைசிக் கூரை முடிந்ததும் இரண்டாவது. பாக்கிச் செலவு 1 கோடியே 80 லட்சம், கையில் இரண்டு வீடு, 2 கோடியே 55 லட்சம். பூச்சு, குழாய், மின் கம்பி வேலைகள் முடிந்து முக்கால் பங்கைத் தொட்டதும் மூன்றாவது. பாக்கி 90 லட்சம், கையில் ஒரு வீடு, 1 கோடியே 27 லட்சம். நான்காவது வீட்டின் 600 சதுர அடி, உரிமையாளரின் நான்கு வீடுகளும் சாவியோடு ஒப்படைக்கப்பட்டு, பணி நிறைவுச் சான்றிதழும் கையில் வந்த பிறகு.

ஒவ்வொரு கட்டத்திலும் கையிருப்பு பாக்கிச் செலவைவிடக் கூடுதல். அந்தக் கூடுதல் தொகைதான் பில்டருக்கு இன்னும் வர வேண்டிய லாபம். அதை விட்டுவிட்டு ஓடுவது அவருக்கு நஷ்டம். ஓடினாலும், அதே கூடுதலைக் காட்டி வேறொரு பில்டரைக் கூட்டிவரலாம். நின்றுபோன கட்டடத்தில் வீடு முழு விலைக்குப் போகாது என்பது உண்மைதான். அதைத் தாங்கத்தான் அந்த இடைவெளி. முதலாமவர் சொன்ன 55 சதவீதத்தில் இதே கணக்கைப் போட்டால், மூன்றாவது கட்டத்தில் இடைவெளி 25 லட்சத்துக்குள் சுருங்குகிறது. விகிதத்தை இழுத்துப் பிடிக்கப் பிடிக்க உரிமையாளரின் பாதுகாப்பு மெலிகிறது என்பதை அண்ணன்கள் ஏற்க இரண்டு மூன்று இரவுகள் ஆயின.

இரண்டாமவர் இதற்கு உடனே தலையாட்டிவிடவில்லை. "முதல் கால்பங்கை என் கைப்பணத்திலேயே கட்டச் சொல்கிறீர்களா சார்?" என்று கேட்டார். ஆமாம், அதைத்தான் சொன்னோம். 90 லட்சம் சொந்தப் பணமோ வங்கி வசதியோ இல்லாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது. அதற்கு மாற்றாக ஒன்றை விட்டுக்கொடுத்தோம். பில்டர் உரிமையாளரிடம் கொடுத்துவைத்து, கடைசியில் திரும்பப் பெறும் டெபாசிட் 50 லட்சம் என்று பேச்சு இருந்தது. அதை 20 லட்சமாகக் குறைத்தோம். உரிமையாளரிடம் முடங்கும் பெரிய டெபாசிட், கட்டடத்திலிருந்து எடுத்த பணம்தான். கல்யாணத்துக்கோ கடனுக்கோ அதைச் செலவழித்துவிட்ட குடும்பங்கள், கடைசியில் திருப்பித் தர வழியில்லாமல் ஒரு வீட்டையே விட்டுக்கொடுத்திருக்கின்றன.

பவர் பத்திரத்தை இரண்டாகப் பிரித்தோம். பில்டருக்குக் கொடுத்தது வரைபட அனுமதி, மின்வாரியம், குடிநீர் வாரியம், கட்டுமானம் ஆகியவற்றுக்கு மட்டும். விற்கவோ அடமானம் வைக்கவோ அதில் அதிகாரம் இல்லை என்று தனி வரியாக எழுதினோம். விற்பனைக்கான பவர், மற்ற மூவரும் மூத்த அண்ணனுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அண்ணன்தான் சார்பதிவாளர் அலுவலகம் போய் வாங்குபவருக்குக் கையெழுத்திடுவார். அக்கா சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பிய பவருக்கு, அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதைத் தவறவிட்டவர்கள் மறுபடியும் புதிதாக எழுத நேர்ந்திருக்கிறது.

பெரியம்மாவுக்கு வயது 78. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் செத்துவிடும் என்பது பொது விதி. பவரைக் கொண்டு பதிவு செய்யும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றிதழைச் சார்பதிவாளர் கேட்பார். அதனால் பிள்ளைகள் மூவரையும் அவர்களின் சொந்தப் பங்குக்கு மட்டுமல்லாமல், அம்மாவின் வாரிசுகள் என்ற முறையிலும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக எழுதினோம். பெரியம்மா அந்தப் பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நான் போய்ச் சேர்ந்தால் வேலை நிற்காது, அவ்வளவுதானே? எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

பவர் பில்டர் கையில் இருந்தால் என்ன, ஏமாற்றினால் ரத்து செய்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவு, முகவருக்கே அந்தச் சொத்தில் நலன் இருந்தால் அவருக்குப் பாதகமாகப் பவரை முடிவுக்குக் கொண்டுவர முடியாது என்கிறது. டெபாசிட் கொடுத்திருக்கிறேன், கட்டடம் கட்டியிருக்கிறேன் என்று பில்டர் அந்தப் பிரிவைத்தான் காட்டுவார். ரத்துப் பத்திரம் பதிவானாலும் அது செல்லுமா என்ற வழக்கு ஓடும். அதுவரை வேறொரு பில்டர் அந்த மனைப்பக்கம் வரமாட்டார்.

வில்லங்கச் சான்றிதழை tnreginet.gov.in தளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். மனையின் சர்வே எண்ணைப் போட்டால் எத்தனை சதுர அடி பிரிபடாத பாகம் யாருக்குக் கிரயமாகியிருக்கிறது என்பது வரிசையாக வரும். பவரை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் மாதம் ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும். மடிப்பாக்கத்து உரிமையாளர், நான்காவது கிரயம் பதிவாகி ஓராண்டு கழிந்த பிறகுதான் முதன்முறையாக அதைப் பார்த்தார்.

இனி தாமதம். பில்டர் தந்த வரைவில் "திட்ட அனுமதி கிடைத்த நாளிலிருந்து 24 மாதம், மேலும் 6 மாத சலுகைக் காலம்" என்று இருந்தது. படிக்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அனுமதிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அனுமதி வராதவரை கடிகாரமே ஓடாது. பவர் மட்டும் முதல் நாளிலிருந்து உயிரோடு இருக்கும். கையெழுத்தாகி ஆறு மாதத்துக்குள் அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து உரிமையாளர் விலகிக்கொள்ளலாம் என்று மாற்றினோம். அனுமதி கைக்கு வரும்வரை வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை என்றும் சேர்த்தோம். மண் பரிசோதனைக்குத் துளை போட வேண்டும், இடித்தால்தான் முடியும் என்று அவர்கள் சொன்னார்கள். கொல்லைப்புறத்திலேயே போட்டார்கள். இருக்கும் வீட்டை இடிக்கப்போவதாக வரைபடத்தில் காட்டியே அனுமதி வாங்கலாம். வீடு நிற்கும்வரை பில்டர்தான் நம்மைத் தேடி வருவார். இடித்த மறுநாள் நாம் அவரைத் தேடிப் போக வேண்டும்.

தாமதத்துக்கான ஈடு மாதம் 10,000 ரூபாய் என்று வரைவில் இருந்தது. நான்கு வீடுகளை ஒழுங்காக ஒப்படைத்திருந்தால் அந்தப் பகுதியில் வீட்டுக்கு 25,000 வீதம் மாதம் ஒரு லட்சம் வாடகை வரும். இன்னொரு பக்கம், வெளியில் மாதம் இரண்டு வட்டிக்கு ஒரு கோடி வாங்கினால் பில்டருக்கு மாதம் இரண்டு லட்சம் செலவு. மாதம் பத்தாயிரம் கொடுத்து நம் வீட்டைத் தாமதப்படுத்தி, அந்தப் பணத்தை வேறு மனையில் போடுவது அவருக்குக் கிடைக்கக்கூடியதிலேயே மலிவான கடன். ஆகவே வீட்டுக்கு 25,000 என்று வாடகையையே அடிப்படையாக வைத்து எழுதினோம். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று மிரட்டலாக எழுதுவதில் பயனில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான ஈட்டைத்தான் தரும், எழுதியிருக்கும் தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. வாடகை என்றால் பக்கத்து அடுக்ககத்தின் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டியே நிரூபித்துவிடலாம்.

ஈட்டை வசூலிப்பது எப்படி என்பதையும் எழுதாவிட்டால் அது காகிதம்தான். பணம் இல்லாததால் தாமதிக்கும் பில்டர், தாமத ஈட்டை மட்டும் எங்கிருந்து கொடுப்பார்? அந்தத் தொகையை முதலில் டெபாசிட்டிலிருந்து கழித்துக்கொள்வது, போதாவிட்டால் நான்காவது வீட்டின் மனைப் பாகத்தை விடுவிக்குமுன் வாங்கிக்கொள்வது என்று எழுதினோம். வேலை தொடர்ந்து 60 நாள் நின்றால் அறிவிப்பு, அதன்பின் 30 நாளில் தொடங்காவிட்டால் இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு பொறியாளர் அளந்து மதிப்பிடுவார், உரிமையாளர் கட்டடத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். அனுமதி உரிமையாளர்கள் பெயரில் இருக்க வேண்டும். தூண், உத்திரக் கம்பி விவரங்கள் கொண்ட கட்டமைப்பு வரைபடங்களின் பிரதி ஆரம்பத்திலேயே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மடிப்பாக்கத்தில் அந்த வரைபடம் இல்லாததால், பின்னால் வந்த பொறியாளர் தூண்களுக்குள் என்ன கம்பி இருக்கிறது என்றே சொல்ல முடியாமல் நின்றார்.

இவ்வளவும் எதற்கு, நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. மனையைக் கொடுத்துக் கட்டடப் பங்கு வாங்கும் உரிமையாளரும் நுகர்வோரே, ஒப்பந்தத்தில் கூட்டு முயற்சி என்று பெயர் வைத்திருந்தாலும் அவர் பில்டரின் கூட்டாளி ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் 2008இல் தெளிவாகச் சொன்னது. அந்த உரிமையாளர் கேட்டவற்றில் முக்கியமானது பணி நிறைவுச் சான்றிதழ். ஒப்பந்தம் போட்டது 1991இல். பதினேழு ஆண்டு கழித்து அவர் பெற்றது, மாவட்ட மன்றம் இந்தப் புகாரை விசாரிக்கலாம் என்ற உத்தரவு. உரிமை உண்டு என்பதில் சந்தேகமில்லை. 78 வயதுக்காரருக்கு அந்தக் கால அளவு உதவாது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், அதற்கு ஆடிட்டர் வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2017இல் சேர்த்த 45(5A) பிரிவு, தனிநபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் ஒரு நிம்மதி தந்தது. பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால், மூலதன ஆதாய வரி கையெழுத்துப் போட்ட ஆண்டில் வராது, பணி நிறைவுச் சான்றிதழ் வந்த ஆண்டில்தான் வரும். ஆனால் சான்றிதழ் வருமுன் தன் பங்கு வீட்டை விற்றுவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். சின்ன அண்ணன் தன் வீட்டைக் கட்டும்போதே விற்க நினைத்திருந்தார், ஆடிட்டர் தடுத்தார். அதோடு, உரிமையாளர் பங்கின் கட்டுமானத்துக்கான ஜி.எஸ்.டி. யார் பொறுப்பு என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் சாவி கொடுக்கும் நாளில் ஒரு பில் வரும்.

வேலை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு கட்டமும் பெரிய சிக்கல் இல்லாமல் போயின. கடைசிக் கூரை முடிந்து, சுவர் வேலை பாதியில் இருந்தபோது பில்டர் வந்தார். மூன்றாவது வீட்டுக்கு ஆள் தயாராக இருக்கிறார், அவருடைய வங்கிக் கடன் ஒப்புதல் காலாவதியாகப் போகிறது, மனைப் பாகத்தை இப்போதே எழுதிக் கொடுங்கள் என்றார். நியாயமான வேண்டுகோள்தான், அவர் ஆளும் நேர்மையானவர்தான். ஆனால் நான் கணக்கைக் காட்டினேன். அன்று செலவு 60 சதவீதத்தில் நின்றது. பாக்கி 1 கோடியே 44 லட்சம். மூன்றாவதை விட்டால் கையில் மிஞ்சுவது ஒரு வீடு, 1 கோடியே 27 லட்சம். முதன்முறையாகக் கையிருப்பு பாக்கிச் செலவுக்குக் கீழே போகும்.

மறுத்திருந்தால் வாங்குபவர் போயிருப்பார், வேலையும் மந்தமாகியிருக்கும். மூத்த அண்ணன்தான் வழி சொன்னார். வாங்குபவரின் வங்கி விடுவிக்கும் தொகையை, பில்டரும் அண்ணனும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய ஒரு கணக்கில் போடுவது. அந்தக் கணக்கிலிருந்து லிஃப்ட் நிறுவனம், ஜன்னல் செய்பவர், தரை ஓட்டுக் கடை ஆகியோருக்கு நேரடியாகக் காசோலை. பில்டர் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். துணை ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்தபின்தான் அண்ணன் கிரயத்தில் கையெழுத்திட்டார்.

கட்டடம் கெடுவைத் தாண்டி ஏழு மாதம் தாமதமாக முடிந்தது. அதில் மூன்று மாதம் சலுகைக் காலம் என்று ஒத்துக்கொண்டிருந்தோம். மீதி நான்கு மாதத்துக்கு மாதம் ஒரு லட்சம் வீதம் 4 லட்சத்தை 20 லட்சம் டெபாசிட்டில் கழித்துக்கொண்டு 16 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாவிகள் வந்த பிறகும் நான்காவது வீட்டின் 600 சதுர அடி இரண்டரை மாதம் குடும்பத்தின் பெயரிலேயே இருந்தது. லிஃப்டுக்கு உரிமம் வரவில்லை, பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் கட்டியிருந்த ஒரு ஜெனரேட்டர் மேடையை இடித்தால்தான் பணி நிறைவுச் சான்றிதழ் கிடைக்கும் என்ற நிலை. முன்னதாகவே கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த மேடையை இடிக்க யார் வந்திருப்பார் என்று தெரியவில்லை. பில்டர் தன் ஆட்களை அனுப்பி ஒரே நாளில் இடித்தார். சான்றிதழ் வந்த வாரத்திலேயே அண்ணன் சார்பதிவாளர் அலுவலகம் போய்க் கடைசிக் கிரயத்தை எழுதிக் கொடுத்தார்.